‘நல்லா இருக்கு’ என்று பதில் வராத கேள்விகள்

புத்தகம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் நண்பரிடம் காட்டுவது முன்னுரையைத்தான். நாலைந்து பக்கம் என்பதால் படிக்கச் சொல்லக் கூச்சமில்லை. “டைம் கிடைக்கும்போது பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க” என்ற வரியோடு வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். போகிறது. இரண்டு நாள் கழித்து ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. நேரில் பார்க்கும்போது, “நல்லா இருக்கு. ரெண்டாவது பக்கத்துல ஒரு இடத்துல ஒற்று விட்டுப்போச்சு” என்கிறார் நண்பர். எழுதியவர் அந்த ஒற்றைச் சேர்த்துவிட்டு அச்சுக்குப் போகிறார்.

நண்பர் பொய் சொல்லவில்லை. ‘எப்படி இருக்கு’ என்று கேட்டால் அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊரில் நண்பனின் எழுத்துக்கு முகத்துக்கு நேரே தீர்ப்புச் சொல்வது கல்யாண வீட்டில் சாப்பாட்டைக் குறை சொல்வது மாதிரி. யாரும் செய்ய மாட்டார்கள். செய்கிறவர்களை அடுத்த முறை கூப்பிட மாட்டோம். அதனால் அவர் ஒற்றுப்பிழையில் ஒதுங்கிக்கொள்கிறார். உதவியது போலவும் ஆயிற்று, மனம் நோகாமலும் ஆயிற்று. நட்பில் குறையில்லை, கேட்ட கேள்வியில்தான் குறை.

சிறிய பதிப்பகம் ஒன்றுக்குக் கைப்பிரதிகளைப் பார்த்துக் கொடுக்கும் வேலையில் நான் அதிகம் மல்லுக்கட்டுவது முன்னுரைகளோடுதான். மற்ற அத்தியாயங்களில் எழுதுகிறவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டு போகலாம். முன்னுரையில் மட்டும், ஒன்றும் தெரியாத ஒருவர் எதிரே நிற்கிறார் என்பதை நினைவில் வைத்து எழுத வேண்டியிருக்கிறது. ஐந்து வருடம் ஒரு விஷயத்தைச் சுமந்தவரால் அது தெரியாத நிலைக்குத் திரும்பிப் போக முடியாது. எத்தனை முறை திருத்தினாலும், தன் முன்னுரையை முதல்முறை படிப்பவராக அவரால் ஆக முடியாது. நண்பரிடம் கடன் கேட்பது அந்த ஒன்றைத்தான்: அவருடைய முதல் வாசிப்பை. அது ஒரே ஒருமுறைதான் கிடைக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால், யாரிடம் கொடுப்பது, எப்போது கொடுப்பது, என்ன கேட்பது என்பதெல்லாம் தானாக ஒழுங்குக்கு வந்துவிடும்.

சிவகங்கைப் பக்கத்துக்காரர் ஒருவர், பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், தன் ஊர்க் கண்மாயைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருந்தார். முன்னுரை நாலு பக்கம். முதலில் அவர் அதைத் தன்னோடு வேலை பார்த்த இன்னொரு பொறியாளரிடம் காட்டப்போனார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். வேலை தெரிந்தவருக்கு எல்லா வரியும் புரிந்துவிடும். கலுங்கு என்றால் என்ன, வரத்துக்கால் எங்கே தொடங்கும் என்றெல்லாம் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. எழுதியவர் விட்ட இடத்தையெல்லாம் அவர் தன் மனதிலிருந்து நிரப்பிக்கொண்டு, ‘தெளிவா இருக்கு’ என்பார். அது முன்னுரையின் தெளிவாக இருக்காது, அவருடைய அனுபவத்தின் தெளிவாக இருக்கும்.

யோசித்துவிட்டு, பள்ளிக்கூடத்திலிருந்தே உடன் படித்த ஒருவரைச் சொன்னார். டவுனில் மருந்துக்கடை வைத்திருப்பவர். வயல் வரப்பில் கால் வைத்தவர் இல்லை. தினமும் செய்தித்தாளும் அவ்வப்போது ஒரு நாவலும் படிப்பவர். இதைவிட முக்கியமான தகுதி ஒன்று அவருக்கு இருந்தது. பொறியாளரால் அவருக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. கீழே வேலை பார்த்தவர், மருமகன், பேரனுக்குச் சிபாரிசு கேட்டுக்கொண்டிருப்பவர் ஆகியோரிடம் கைப்பிரதியைக் கொடுத்து உண்மையை எதிர்பார்ப்பது அவர்களைச் சங்கடப்படுத்துவது. நம்பிக்கைக்குரிய நண்பர் என்றால், நம்மிடம் ‘போரடிக்குதுடா’ என்று சொல்லிவிட்டு அன்று சாயங்காலமே சேர்ந்து டீ குடிக்கக்கூடியவர்.

கொடுக்கும் நேரமும் பார்க்க வேண்டும். முதல் வரைவில் கொடுத்தால், புத்தகம் எதைப் பற்றியது என்று எழுதியவருக்கே இன்னும் பிடிபட்டிருக்காது. நண்பரின் முதல் வாசிப்பு வீணாகும். பக்கம் வடிவமைத்து அட்டைப்படமும் வந்தபிறகு கொடுத்தால், எதையும் மாற்றும் மனநிலை இருக்காது. பொறியாளரிடம் நான் கேட்டது இதுதான்: ‘முதல் ரெண்டு பக்கத்தைத் தூக்கிப் போடுன்னு அவர் சொன்னா, போடுற நிலைமையில இருக்கீங்களா?’ ஆம் என்றார். அப்படியானால் கொடுக்கலாம்.

திரையில் படிக்கிற கை தாவித் தாவிப் போகும் என்பதால் தாளில்தான் கொடுத்தார். வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு, ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விட்டு, பக்க எண் போட்டு, கூடவே ஒரு பென்சிலும். முன்னுரை மட்டும். பொருளடக்கம் கிடையாது, பின்னட்டை வாசகம் கிடையாது. முக்கியமாக, வாயால் ஒரு முன்னுரையும் கிடையாது. இது கடைப்பிடிக்கக் கஷ்டமான விதி. தாளை நீட்டும்போதே, “இது நம்ம ஊர் கண்மாய்ல தண்ணி பங்கு போட்டவங்களைப் பத்தினதுப்பா, கொஞ்சம் வரலாறும் இருக்கு…” என்று வாய் தானாகப் பேச ஆரம்பிக்கும். பேசிவிட்டால் அவ்வளவுதான். நண்பர் படிக்கப்போவது எழுதிய முன்னுரையை அல்ல, அந்தப் பேச்சின் மீதியை. புத்தகக் கடையில் புரட்டிப் பார்ப்பவரிடம் ஆசிரியர் பக்கத்தில் நின்று விளக்க முடியாது அல்லவா?

பென்சில் எதற்கு என்று மட்டும் சொல்லச் சொன்னேன். படிக்கும்போது கண் எங்கே நின்றதோ, எந்த வரியைத் திரும்பப் படித்தாயோ, அங்கே ஓரத்தில் ஒரு கோடு. எங்கே தாவினாயோ அங்கே ஒரு வட்டம். காரணம் எழுத வேண்டாம். எழுத்துப்பிழை திருத்த வேண்டாம். இந்தக் கடைசி வரியை அழுத்திச் சொல்ல வேண்டும். படித்த தமிழர் கையில் பென்சிலைக் கொடுத்தால் வல்லினம் மிகும் இடங்களைத் தேடத் தொடங்கிவிடுவார். பிழை தேடுகிற கண் அர்த்தத்தைப் பார்க்காது. பிழைதிருத்தம் இன்னொரு நாள், இன்னொருவர் செய்ய வேண்டிய வேலை.

இனி முன்னுரைக்கு வருவோம். அவருடைய அனுமதியோடு முதல் பத்தியை இங்கே தருகிறேன்:

“மனிதன் தோன்றிய காலந்தொட்டே நீரைத் தேடி அலைந்திருக்கிறான். உலகின் பெரும் நாகரிகங்கள் யாவும் ஆற்றங்கரைகளிலேயே தோன்றின. நீர் மேலாண்மையில் தமிழர் உலகிற்கே முன்னோடிகள். கரிகாலன் கட்டிய கல்லணை இன்றும் நம் முன்னோரின் பொறியியல் அறிவுக்குச் சான்றாக நிற்கிறது. அத்தகைய பெருமைமிக்க மரபில் எங்கள் ஊர்க் கண்மாய்க்கும் ஓர் இடமுண்டு.”

இதற்கு மேலே ஒரு குறளும் இருந்தது. இப்படித் தொடங்கும் முன்னுரைகள் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கின்றன. கண்மாய் என்ற இடத்தில் நெசவு, நாட்டு மருந்து, சித்திரம் என்று எதைப் போட்டாலும் பத்தி அப்படியே நிற்கும். ஆனால் இதை நான் சொல்லியிருந்தால் அது ஒரு பதிப்பாளரின் ருசி என்று எடுத்துக்கொண்டிருப்பார். நண்பர் சொன்ன விதமே வேறு.

கடை மூடும் நேரத்தில் போய் உட்கார்ந்தார் பொறியாளர். தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு முதல் கேள்வியைக் கேட்டார். “பாக்காம சொல்லு. இந்தப் புத்தகம் எதைப் பத்தி?”

“கல்லணை… இல்ல, பொதுவா தண்ணி பத்தி. பழைய காலத்துல எப்படி அணை கட்டினாங்கன்னு.”

புத்தகத்தில் கல்லணை அதற்குமேல் வரவே இல்லை. எழுதியவருக்கு முகம் சுருங்கிவிட்டது, ஆனால் வாய் திறக்கவில்லை. இந்த ஒரு கேள்வியிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். ‘புரிந்ததா?’ என்று கேட்டிருந்தால் ‘புரிஞ்சுது’ என்றிருப்பார், அதுவும் உண்மைதான். ஒவ்வொரு வரியும் அவருக்குப் புரிந்தது. எல்லா வரியும் புரிந்து, புத்தகம் மட்டும் தவறாகப் புரிந்திருந்தது. தாளைக் கவிழ்த்து வைத்துக் கேட்பதும் அதனால்தான். பார்த்துச் சொன்னால் எங்கோ இருக்கும் ஒரு வரியைத் தேடிப் படித்துக் காட்டிவிடுவார். பார்க்காமல் சொன்னால், மனதில் எது தங்கியதோ அது வரும்.

இரண்டாவது, பென்சில் கோடுகள். முதல் பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை. எழுதியவர் முதலில் இதைப் பார்த்து மகிழ்ந்தார். “இங்க தடையே இல்லையா?” என்று கேட்டதற்கு நண்பர் சிரித்தார். “இதெல்லாம் தெரிஞ்சதுதானே, கண்ணு பாட்டுக்கு ஓடிருச்சு.” கோடு இல்லாத பக்கம் நன்றாக எழுதப்பட்ட பக்கமாகவும் இருக்கலாம், படிக்கப்படாத பக்கமாகவும் இருக்கலாம். எது என்று கேட்டால்தான் தெரியும். கேட்கும் வழியும் எளிது: “அந்தப் பக்கத்துல என்ன இருந்துச்சு?” பதில் பொத்தாம்பொதுவாக வந்தால் கண் ஓடியிருக்கிறது.

இரண்டாம் பக்கத்தில் நாலு கோடு. கலுங்கு, குமிழித்தூம்பு, ஆயக்கட்டு என்று சொற்கள் விளக்கமில்லாமல் அடுத்தடுத்து வந்த இடம். இது எதிர்பார்த்ததுதான். கலுங்கு என்பது கண்மாய் நிரம்பினால் மிச்ச நீர் வழிந்து போகும் இடம். தூம்பு என்பது கரைக்கு அடியில் நீரை வெளியே விடும் வழி. ஆயக்கட்டு என்பது அந்த நீரை நம்பியிருக்கும் வயல்களின் மொத்தப் பரப்பு. ஒவ்வொன்றுக்கும் அரை வரி போதும். அல்லது முன்னுரையில் அவை வேண்டவே வேண்டாம், தேவைப்படும் அத்தியாயத்தில் வரட்டும்.

மூன்றாம் பக்கத்தின் நடுவில் ஒரு கோடு, பக்கத்தில் கோட்டின் மேல் கோடாக அழுத்தி வரைந்திருந்தது. “இங்க ஏன் நின்ன?” என்றார் பொறியாளர்.

“புரியாம நிக்கல. திரும்பப் படிச்சேன். இது நிஜமாவா? நெலமே இல்லாதவர்கிட்டதான் மடைச்சாவி இருக்குமா?”

அந்த இடத்தில் அவர் எழுதியிருந்தது நீர்பாய்ச்சியைப் பற்றி. அவர்கள் ஊரில், கண்மாயின் மடையைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று முறை வைத்துத் தண்ணீர் விடுகிறவருக்கு ஆயக்கட்டில் ஒரு சென்ட் நிலமும் இருக்கக்கூடாது என்பது வழக்கம். நிலம் இருந்தால் தண்ணீர் முதலில் அவர் வயலில்தான் போய் நிற்கும் என்று ஊருக்குத் தெரியும். கூலி அறுவடையின்போது களத்திலேயே நெல்லாக. கடைமடை வயல்காரனும் தலைமடைக்காரனும் அவர் சொன்ன நேரத்துக்குக் கட்டுப்பட்டார்கள். புத்தகமே உண்மையில் இவர்களைப் பற்றியதுதான். அது மூன்றாம் பக்கத்தில், ஒரு நீண்ட பத்தியின் நடுவில், ‘மேலும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

படிக்கும்போதே கோடு போடச் சொல்வதன் பலன் இங்கே தெரிந்தது. படித்து முடித்தபின் கேட்டால் நண்பர் பொதுவாக ஒரு அபிப்பிராயத்தைத் தொகுத்துச் சொல்வார். எந்த வரியில் உயிர் வந்தது என்பது அந்தத் தொகுப்பில் காணாமல் போயிருக்கும்.

மூன்றாவது கேள்வி: “இதைப் படிச்சதும் அடுத்த அத்தியாயத்துல என்ன வரும்னு நினைக்கிறே?” முன்னுரை வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது. எழுதியவர் ஒன்றைக் கொடுத்ததாக நினைத்திருப்பார், படித்தவர் இன்னொன்றைப் பெற்றிருப்பார். நண்பர் சொன்னதைப் பொருளடக்கத்தோடு ஒப்பிட்டால் இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும். “பழைய ராஜாக்கள் வெட்டின கண்மாய் லிஸ்ட் வரும்னு நினைச்சேன்” என்றார் மருந்துக்கடைக்காரர். வரப்போவது அதுவல்ல.

நான்காவதாக, “யாருக்காக எழுதினதுன்னு தோணுது?” இதற்கு வந்த பதில், “கவர்மென்ட்டுக்கு ஏதோ ரிப்போர்ட் மாதிரி இருந்துச்சு.” முப்பது வருடம் கோப்பு எழுதிய கை. இதை அவராகக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

இந்தக் கேள்விகளெல்லாம் புதியவை போலத் தோன்றினாலும் நம் இலக்கணக்காரர்கள் இந்தப் பாதையில் எப்போதோ நடந்துவிட்டார்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி எழுதிய நன்னூல், ஒரு நூலின் சிறப்புப் பாயிரத்தில் இருக்க வேண்டியவற்றை எண்ணிச் சொல்கிறது. ஆசிரியர் பெயர், நூல் வந்த வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, எடுத்துக்கொண்ட பொருள், கேட்போர், பயன் என்று எட்டு. காலம், களம், காரணம் மூன்றையும் சேர்த்துக்கொள்வாரும் உண்டு என்று சொல்லிப் பதினொன்றாக்குகிறது. நண்பரிடம் கேட்ட முதல் கேள்வி பொருளைச் சோதித்தது, நான்காவது கேட்போரை. நன்னூல் இன்னொன்றும் சொல்கிறது. இந்தப் பாயிரத்தை நூலாசிரியர் தானே எழுதுவது தகாது. அவருடைய ஆசிரியரோ, உடன் படித்தவரோ, மாணவரோ, தக்க உரைகாரரோதான் எழுத வேண்டும். தற்புகழ்ச்சி ஆகிவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு உடன் படித்தவர் என்பது வழிவழியாக வரும் செய்தி. தற்புகழ்ச்சி மட்டுமே காரணமாக இருந்திருக்காது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. வெளியே நிற்கும் ஒருவருக்குத்தான் நூலின் வாசல் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது.

அந்த மரபின் மிச்சமாக இன்று நம்மிடம் இருப்பது அணிந்துரை. அணிந்துரை கேட்பதும் கருத்துக் கேட்பதும் வேறு வேறு காரியங்கள் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒரே ஆளிடம் ஒரே நாளில் இரண்டையும் கேட்டால் அணிந்துரைதான் வரும்.

சரி, நண்பர் பேசுகிறார். கேட்பவர் என்ன செய்ய வேண்டும்? எழுதிக்கொள்ள வேண்டும், வேறொன்றும் கூடாது. “இல்லப்பா, நான் சொல்ல வந்தது என்னன்னா…” என்று ஆரம்பித்தால், அடுத்த பதிலிலிருந்து நண்பர் ஜாக்கிரதையாகிவிடுவார். சொல்ல வந்தது தாளில் இல்லை என்பதற்கு அந்த விளக்கமே சாட்சி. அதை அவரிடம் சொல்லாமல் தாளில் எழுதிவிடலாம். அவர் தயங்கும்போது ஒரே ஒரு துணைக் கேள்வி போதும்: “எந்த வரியில?” எழுதியவர் தானே பதிலை உள்ளே வைத்துக் கேட்கும் கேள்விகள் உதவாது. ‘முதல் பத்தி கொஞ்சம் நீளமோ?’ என்றால் நண்பர் மரியாதைக்கு ‘ஆமா, கொஞ்சம்’ என்பார். அங்கே நீளம் பிரச்சினையே இல்லாமல் இருக்கலாம்.

இதைவிடச் சிக்கலானது, நண்பர் மருந்தையும் சேர்த்தே எழுதிக்கொடுப்பது. எங்கே வலிக்கிறது என்பதில் வாசகர் தவறுவது அரிது. என்ன செய்தால் தீரும் என்பதில் அவர் தவறலாம். இதற்கு இலக்கிய உலகத்தில் நன்கு பதிவான ஒரு சம்பவம் இருக்கிறது.

1926 ஜூன் மாதம். எர்னஸ்ட் ஹெமிங்வே தன் முதல் பெரிய நாவலான ‘தி சன் ஆல்சோ ரைசஸ்’ தட்டச்சுப் பிரதியை நியூயார்க்கில் உள்ள ஸ்கிரிப்னர்ஸ் பதிப்பகத்துக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டார். பிரான்சின் தென்கடற்கரையில் இருந்த நண்பர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டிடம் அதன் ஒரு பிரதியைப் படிக்கக் கொடுக்கிறார். ஃபிட்ஸ்ஜெரால்ட் அதற்குள் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ எழுதிப் பெயர் பெற்றவர். ஹெமிங்வேயை அந்தப் பதிப்பகத்துக்குச் சிபாரிசு செய்தவரும் அவரே. நாவல் அப்போது கதாநாயகியும் அவளைச் சுற்றியிருப்பவர்களும் யார் யார் என்று அறிமுகம் செய்யும் பக்கங்களோடு தொடங்கியது. ஃபிட்ஸ்ஜெரால்ட் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். மேம்போக்காகப் பாராட்டிவிட்டு நழுவவில்லை. எந்தெந்தப் பக்கத்தில் எந்தச் சொற்றொடர் அலட்சியமாக, நக்கலாக, வெறும் வார்த்தையாக இருக்கிறது என்று பக்க எண்ணோடு காட்டினார். எந்த இடத்திலிருந்து நாவல் தனக்குப் பிடிக்க ஆரம்பித்தது என்றும் குறித்தார். அதோடு மருந்தும் சொன்னார்: தொடக்கத்தின் ஏறக்குறைய 7,500 சொற்களை 5,000 ஆகச் சுருக்கலாம்.

ஹெமிங்வே அந்த மருந்தைச் சாப்பிடவில்லை. சுருக்குவதற்குப் பதிலாக அந்த அறிமுகப் பகுதியையே முழுதாக வெட்டியெறிய முடிவு செய்து பதிப்பாசிரியர் மேக்ஸ்வெல் பெர்கின்ஸுக்கு எழுதினார். அக்டோபரில் வெளிவந்த நாவல், ராபர்ட் கோன் என்ற பாத்திரத்தைப் பற்றிய வாக்கியத்தோடு நேராகத் தொடங்குகிறது. நண்பர் நோய் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டினார். அறுவைச் சிகிச்சை எவ்வளவு ஆழம் என்பதை எழுதியவர் தீர்மானித்தார். வேலை இப்படித்தான் பிரிய வேண்டும். (ஹெமிங்வே இறந்தபின் 1964இல் வந்த பாரிஸ் நினைவுக் குறிப்புகளில், திருத்தி வெட்டி அனுப்பிய பிறகுதான் நண்பர் நாவலைப் பார்த்தார் என்ற தொனியில் எழுதியிருக்கிறார். ஃபிட்ஸ்ஜெரால்டின் கடிதம் மட்டும் தப்பிப் பிழைத்திருக்காவிட்டால் அதை நாமும் நம்பியிருப்போம். உதவி கேட்பதைவிட உதவியை ஒப்புக்கொள்வது சிலருக்குக் கடினம்.)

மருந்துக்கடைக்காரரும் மருந்து சொன்னார். “கல்லணையை எடுத்துட்டு உங்க அப்பா கதையைப் போடு. நீ சின்ன வயசுல கண்மாயில முங்கினது, அதெல்லாம்.” பொறியாளருக்கு அது பிடித்துவிட்டது, வீட்டுக்குப் போய் எழுதவும் உட்கார்ந்தார். நான் தடுத்தேன். நண்பருக்கு அவருடைய அப்பாவைத் தெரியும், அதனால் அந்தக் கதை அவருக்கு இனிக்கும். முகம் தெரியாத வாசகருக்கு அது இன்னொரு கல்லணைதான். ‘அப்பா கதையைப் போடு’ என்று நண்பர் சொன்னதற்குள் இருக்கும் வலி என்ன என்று பார்த்தால், ‘இதில் மனிதர்களே இல்லை’ என்பது. மனிதர்கள் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறார்களே!

நண்பரின் வாசிப்புக்கு இந்த எல்லை எப்போதும் உண்டு. அவர் நம்மை அறிந்தவர். முன்னுரையில் ‘நான்’ என்று வந்த இடத்தில் எழுதியவர் யார், இதை எழுத அவருக்கு என்ன தகுதி என்று ஒரு வரியும் இல்லை. மருந்துக்கடைக்காரருக்கு அது உறுத்தவே இல்லை. அவர்தான் அவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து பார்க்கிறாரே. இதை வெளியே கொண்டுவர வேறு ஆளாக நின்று பார்க்கச் சொல்லும் கேள்வி ஒன்று வேண்டும். “உன் கடைக்கு மாத்திரை வாங்க வர்ற ஒருத்தர் இதைப் படிச்சா, எழுதினவன் யாருன்னு அவருக்குத் தெரியுமா?” சற்று யோசித்துவிட்டு, “ஏதோ தமிழ் வாத்தியார்னு நினைப்பாரு” என்றார். முப்பது வருடம் கண்மாய்க் கரைகளில் நடந்த பொறியாளருக்கு அது போதுமானதாக இருந்தது.

திருத்திய முன்னுரை இரண்டரைப் பக்கமாகக் குறைந்தது. அது இப்படித் தொடங்கியது:

“எங்கள் கண்மாயின் மடைச்சாவி, ஆயக்கட்டில் ஒரு சென்ட் நிலமும் இல்லாத ஒருவர் வீட்டில்தான் இருக்கும். தண்ணீர் தேவையில்லாதவர்தான் தண்ணீரைப் பங்கு போட வேண்டும் என்பது ஊர் கண்ட ஏற்பாடு. நான் பொதுப்பணித் துறையில் சேர்ந்தபோது, மடையை எப்படிக் கட்டுவது என்று எனக்குத் தெரியும். அதை யார் திறப்பார், யாருக்குத் திறப்பார் என்பதை எந்த வரைபடத்திலும் நான் பார்த்ததில்லை. இந்தப் புத்தகம் அந்தச் சாவியை வைத்திருந்தவர்களைப் பற்றியது.”

இதை மறுபடி மருந்துக்கடைக்காரரிடம் கொண்டுபோய்ப் பயனில்லை. ‘இப்ப சூப்பரா இருக்கு’ என்றுதான் சொல்வார். அவருக்குப் புத்தகம் எதைப் பற்றியது என்று தெரிந்துவிட்டது. போன பிரதியோடு ஒப்பிட்டுப் படிப்பார். புதிய பிரதிக்குப் புதிய ஆள் வேண்டும். ஆகவே நம்பகமான நண்பர்கள் மூன்று பேர் இருந்தால் மூவருக்கும் ஒரே நாளில் அனுப்பித் தீர்த்துவிடாமல், ஒருவர் பின் ஒருவராக வைத்துக்கொள்வது நல்லது. பொறியாளர் இரண்டாவதாகப் போனது பக்கத்து வீட்டுக்காரரிடம், கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கும் பெண்மணி. அதே கேள்விகள், அதே வரிசை.

“எதைப் பத்தின புத்தகம்மா?”

“கண்மாய்த் தண்ணிய ஊருக்குள்ள யாரு பிரிச்சுக் கொடுத்தாங்கங்கிறது. அந்த நீர்பாய்ச்சிங்க கதை.”

“அடுத்து என்ன வரும்?”

“அவங்கள்ல ஒருத்தரு எப்படி வேலை பாத்தாருன்னு வரும்ல சார்? அப்புறம் அந்த வழக்கம் ஏன் நின்னுச்சுன்னு.”

அடுத்து இருந்ததோ மாவட்டத்தின் சராசரி மழையளவும் மண்வகைகளும் அட்டவணையாக. முன்னுரை சரியாகிவிட்டது, இப்போது முதல் அத்தியாயம் அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் இரண்டு வழி உண்டு. ‘முதலில் மண்ணையும் மழையையும் தெரிந்துகொண்டால்தான் பங்கீட்டின் அருமை விளங்கும்’ என்று முன்னுரையில் ஒரு வாக்கியம் சேர்த்து வாசகரைத் தயார்செய்யலாம். அல்லது அத்தியாயங்களை மாற்றலாம். அவர் அட்டவணையைப் பின்னிணைப்புக்குத் தள்ளிவிட்டு, ஒரு வறட்சி வருடத்தில் முறைவைத்துத் தண்ணீர் விட்ட ஒரு நீர்பாய்ச்சியின் ஒருநாள் வேலையை முதல் அத்தியாயமாக்கினார்.

அந்தப் பெண்மணியின் பென்சில் ஒரே இடத்தில்தான் கோடு போட்டிருந்தது, ‘ஆயக்கட்டு’ என்ற சொல்லில். மருந்துக்கடைக்காரரும் அதே சொல்லில்தான் கோடு போட்டிருந்தார். ஒருவர் தடுக்கினால் அது அவருடைய காலாக இருக்கலாம், யோசித்து முடிவெடுக்கலாம். ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரே இடத்தில் தடுக்கினால் அங்கே கல் இருக்கிறது, யோசிக்க ஒன்றுமில்லை. முதல் வரியில் ‘ஆயக்கட்டில்’ என்பதை எடுத்துவிட்டு, ‘அந்தத் தண்ணீர் பாயும் வயல்களில்’ என்று போட்டார்.

அதன் பிறகுதான் சக பொறியாளரின் முறை வந்தது. அவரிடம் கேட்டது வேறு கேள்விகள். “இதுல எது தப்பு? எந்த வாக்கியத்தைப் படிச்சா நம்ம துறைக்காரங்க சிரிப்பாங்க? ஊர்க்காரங்க யாருக்காவது கோபம் வருமா?” விஷயம் தெரிந்தவரால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்விகள் இவை. முன்னுரை எதைப் பற்றியது என்று அவரிடம் கேட்கவில்லை. அவர் இரண்டு திருத்தம் சொன்னார். ஒன்று, நிலமில்லாதவரிடம்தான் சாவி என்பது எல்லா ஊர் வழக்கமும் இல்லை. ‘எங்கள் கண்மாயில்’ என்று அழுத்தமாகச் சொல், இல்லாவிட்டால் பக்கத்து ஊர்க்காரன் மறுப்புக் கடிதம் எழுதுவான். இரண்டாவது, சாவி என்பது திருகு வைத்த ஷட்டர் வந்தபிறகு. அதற்கு முன்னால் மடையைக் கல்லால் அடைத்துத் திறந்த காலத்தில் ஏது சாவி?

இரண்டாவது திருத்தம் முதல் வாக்கியத்தையே அசைத்தது. ‘சாவி’ போனால் அந்தத் தொடக்கத்தின் பிடிப்பே போய்விடும் என்று பொறியாளர் ஒரு வாரம் தவித்தார். கடைசியில் சாவியை அப்படியே வைத்துக்கொண்டு, ஷட்டர் எந்த வருடம் வந்தது, அதற்கு முன்னால் அந்தக் குடும்பம் எதைக் கொண்டு மடை திறந்தது என்ற வாக்கியத்தை அடுத்ததாகச் சேர்த்தார். மூன்றாவது நண்பர் ஒருவர் இன்னும் மிச்சம் இருக்கிறார். அந்தச் சேர்க்கையில் அவர் பென்சில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.